பழைய மெத்தையைப் பிரித்து அடித்துத் தைக்கும்போது: கட்டி ஏன் தட்டுகிறது, பஞ்சு எவ்வளவு குறையும்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில சின்ன கார்டிங் மெஷின் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிப் போட்டிருக்கோம். பழைய மெத்தையைப் பிரிச்சு, பஞ்சு அடிச்சு, திரும்ப தைச்சுக் கொடுக்கிறோம். ரெண்டு மூணு மாசத்துல கட்டி தட்டுதுன்னு திருப்பிக் கொண்டு வர்றாங்க. மெஷின்ல பஞ்சு சுத்திக்குது, தூசியும் தாங்கல. ஒரு மெத்தைக்கு எவ்வளவு பஞ்சு குறையும், எவ்வளவு புதுசு சேர்க்கணும்? அதே பஞ்சை தலையணைக்கும் ரஜாய்க்கும் போடலாமா?

பதில்:

திரும்பி வந்த மெத்தைகளில் ஒன்றை, கட்டி தட்டிய இடத்திலேயே ஒரு சாண் அளவு பிரித்துப் பாருங்கள். காரணம் அங்கேயே தெரிந்துவிடும். கட்டி கெட்டியாக, விரலால் பிய்க்க வராமல் இருந்தால் அது அடிபடாத பழைய பஞ்சு, மெஷின் வழியாக அப்படியே தாண்டி வந்திருக்கிறது. கட்டி மெத்தென்று இருந்து அதைச் சுற்றி வெறும் துணி இடம் இருந்தால் பஞ்சில் குறை இல்லை. கைப்பிடி கைப்பிடியாகத் திணித்ததும், குத்து தளர்வாகப் போட்டதும்தான் காரணம். மூலைகளில் பொடி போலச் சேர்ந்திருந்தால் இழை உடைந்துபோன பஞ்சு. அதை எத்தனை முறை அடித்தாலும் நிற்காது. மூன்றுக்கும் வழி வேறு வேறு என்பதால், பார்க்காமல் மெஷின் மேல் பழி போட வேண்டாம்.

மெஷினுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். நம் பக்கத்து வீடுகளில் இருந்து வருவதில் பாதிக்கு மேல் இலவம் பஞ்சாகத்தான் இருக்கும். இலவம் இழை உள்ளே குழாய் போல வெறுமையானது, வழவழப்பானது, சுலபமாக ஒடியக்கூடியது. கார்டிங் மெஷினின் பல் அதைப் பிரிக்காது, நொறுக்கும். பாதி பொடியாகிவிடும், மீதி அறை முழுக்கப் பறக்கும். பறக்கும் இலவம் பஞ்சில் ஒரு தீப்பொறி விழுந்தால் அணைக்க நேரம் கிடைக்காது. அதைத் தெரிந்துகொள்வது சுலபம். கொஞ்சம் எடுத்து விளக்குத்திரி திரிப்பது போலத் திரித்துப் பாருங்கள். பருத்தி முறுக்கிக்கொண்டு திரியாக நிற்கும். இலவம் வழுக்கி அவிழ்ந்துவிடும், ஒரு பட்டுப் பளபளப்பும் இருக்கும். இலவம் மெத்தை வந்தால் வெயிலில் உலர்த்தி, கையால் உதிர்த்து, மூடிய இடத்தில் குச்சியால் அடித்து நிரப்பித் தையுங்கள். மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவதாக ஒன்று வரும்: கலர் பஞ்சு. பனியன் துணிக் கழிவைக் கிழித்து இழையாக்கியது. சிவப்பும் பச்சையுமாகத் துணுக்கு தெரிந்தால் அதுதான். அதில் பாலியஸ்டர் கலந்திருக்கும். சிறு துணுக்கைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கறுப்புப் புகை விட்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். (இதை வாசலில் வைத்துச் செய்யுங்கள், பஞ்சு கிடக்கும் இடத்தில் வேண்டாம்.) கலர் பஞ்சை அடிக்கலாம், ஆனால் அதில் இழை ஏற்கெனவே குட்டை. மெத்தையின் நடு அடுக்கைத் தவிர வேறெங்கும் அது உதவாது.

இனி, ஒரு சிங்கிள் மெத்தையை எடுத்துக்கொள்வோம். 6 அடி நீளம், 3 அடி அகலம், பருத்திப் பஞ்சு, பத்துப் பன்னிரண்டு வருடம் படுத்தது. உறையோடு 13.5 கிலோ நிற்கிறது. உறை ஒரு கிலோ போக உள்ளே 12.5 கிலோ.

முதலில் குத்து நூலை அறுத்து, ஒவ்வொரு நூலையும் வெளியே உருவி எடுக்க வேண்டும். உங்கள் மெஷினில் பஞ்சு சுற்றிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் முதல் காரணம். உள்ளே விட்டுப்போன ஒரு முழ நூல் பல் உருளையில் சிக்கினால், அதன் மேல் பஞ்சு சுற்ற ஆரம்பிக்கும். அது உருளையின் ஓரத்துக்கு நகர்ந்து பேரிங் பக்கம் இறுகினால் சூடாகிப் புகையும். நூலை எண்ணி எடுப்பது நல்ல பழக்கம்: மெத்தை மேல் 21 குத்து இருந்தால் 21 நூல் தரையில் கிடக்க வேண்டும். ஊக்கு, ஹேர்பின், ஒடிந்த ஊசி, காசு எல்லாம் பழைய மெத்தையில் இருக்கும். ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றைப் பலகையில் பொருத்தி, பஞ்சை மெல்லியதாகப் பரப்பி அதன் மேல் ஓட்டுங்கள். இரும்புத் துண்டு பல்லில் பட்டால் பொறி பறக்கும், பல்லும் வளையும். பித்தளைக் காசு காந்தத்தில் ஒட்டாது, அதற்குக் கைதான்.

அடுத்தது வெயில். பஞ்சை மூட்டையாக வைத்து வெயில் காட்டுவதில் பயனில்லை. மேல் ஒரு அங்குலம்தான் காயும். கையால் பிய்த்து நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, மதியம் ஒரு முறை புரட்டிவிட்டு, இரண்டு நாள் போடுங்கள். பருத்தி சாதாரணமாகவே காற்றிலிருந்து ஈரம் இழுத்து வைத்திருக்கும். வருடக்கணக்கான வியர்வையின் உப்பு சேர்ந்தால் இன்னும் இழுக்கும். ஈரப் பஞ்சு ஊட்டு உருளையில் ஒட்டிச் சுற்றும். காய்ந்ததா என்று பார்க்க எடை போடுங்கள். காலையில் போட்ட எடைக்கும் மாலை எடைக்கும் வித்தியாசம் வராமல் போனால் காய்ந்துவிட்டது. நம் மெத்தை 12.5-ல் இருந்து 12 கிலோவுக்கு வந்திருக்கும்.

மூட்டைப்பூச்சி இருந்தால் இந்த வெயில் மட்டும் போதாது, பூச்சி நிழல் தேடி நகர்ந்துவிடும். லாட்ஜ் மெத்தைகளில் இந்தத் தொல்லை அதிகம். பஞ்சைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் மெல்லியதாகப் பரப்பி, வாயைக் கட்டி, அக்னி நட்சத்திர வெயிலில் தரையில் போட்டு, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். நடுப் பஞ்சு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரண்டு மணி நேரமாவது நின்றால் முட்டையும் சாகும். பழைய உறையைக் கொதிநீரில் போடுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த நோயாளியின் மெத்தை என்று தெரிந்தால் அந்தப் பஞ்சை வாங்காமல் இருப்பதே நல்லது. அதை அடிக்கும்போது வரும் தூசி உங்கள் மூச்சுக்குள்தான் போகும்.

காய்ந்த பிறகு கையால் தரம் பிரியுங்கள். மஞ்சளாகி வாடை வீசுவது, கல் போல இறுகியது, தலைமாட்டில் எண்ணெய் இறங்கியது எல்லாம் வெளியே. எண்ணெய்ப் பஞ்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை: தேங்காய் எண்ணெய் ஊறிய தலையணைப் பஞ்சை ஒரு கைப்பிடி விட்டாலே பல்லெல்லாம் பிசுபிசுத்து, அதற்குப் பிறகு வரும் நல்ல பஞ்சும் சுற்ற ஆரம்பிக்கும். பழைய தலையணைப் பஞ்சை மெத்தைப் பஞ்சோடு கலக்கவே கூடாது என்பதற்கு இதுதான் காரணம். நம் கணக்கில் இப்படி 0.9 கிலோ போய், 11.1 கிலோ நிற்கும்.

இப்போது மெஷின். முதல் ஓட்டம் உதிர்ப்பதற்கு, இரண்டாவது ஓட்டம் பிரிப்பதற்கு. முதல் ஓட்டத்தில் பஞ்சை உள்ளங்கை அளவுத் துண்டுகளாகப் பிய்த்து, ஊட்டு பெல்ட் மேல் கீழ்ப்பலகை மறையாத அளவுக்கு மெல்லியதாகப் போடுங்கள். அவசரத்தில் கையால் அழுத்தித் தள்ளுவதுதான் கட்டிக்கு மூலம். தடித்த பஞ்சு வந்தால் ஊட்டு உருளைகள் அகன்று கொடுக்கும், பிடி தளரும், பல் இழை இழையாகச் சீவுவதற்குப் பதிலாகக் கொத்தாகப் பிடுங்கிப் போய்விடும். வெளியே வரும் பஞ்சில் ஒரு கைப்பிடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கருநிழலாகத் திட்டு தெரிந்தால் ஊட்டும் அளவு அதிகம். திட்டு இல்லாமல் கடுகளவு மணி மணியாகத் தெரிந்தால் பல் மழுங்கிவிட்டது. மழுங்கிய பல் இழையைச் சீவாமல் உருட்டுகிறது. பழைய மெஷின் என்கிறீர்கள், அதனால் பல் கம்பியை ஒரு முறை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகத்தில் மாட்டாமல் வழுக்கினால் தீட்டவோ, கம்பி மாற்றவோ வேண்டிய நேரம் வந்துவிட்டது. மெயின் சுவிட்சை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிய பிறகுதான் தொட வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சுற்றிய பஞ்சை எடுக்கும்போதும் அப்படியே.

முதல் ஓட்டத்தில் தூசியும் தும்புமாக 0.6 கிலோ போகும். மீதி 10.5. இந்த இடத்தில்தான் புதுப் பஞ்சைச் சேர்க்க வேண்டும். பலர் பழையதைத் தனியாக அடித்து, புதியதை மேலே ஒரு அடுக்காக விரித்துவிடுகிறார்கள். பார்க்க வெள்ளையாக இருக்கும், ஆனால் அடியில் இருக்கும் குட்டை இழைகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. நீள இழை கலந்திருந்தால்தான் குட்டை இழை நகராமல் நிற்கும். அதனால் தரையில் பழையது ஒரு அடுக்கு, புதியது ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பரப்பி, மேலிருந்து கீழாகச் செங்குத்தாக அள்ளி இரண்டாவது ஓட்டத்துக்கு விடுங்கள். நம் மெத்தைக்கு 1.5 கிலோ சேர்த்தால் 12 கிலோ. இரண்டாவது ஓட்டத்தில் 0.4 கழிந்து 11.6 கிலோ கைக்கு வரும்.

ஆக, பழைய பஞ்சில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சுத்தமாக வைத்திருந்த மெத்தை என்றால் பத்தில் ஒரு பங்கோடு நிற்கும். எவ்வளவு புதியது என்பதை எடையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். முதல் ஓட்டம் முடிந்த பஞ்சைச் சிறு கொத்தாக இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். கொஞ்சம் இழுபட்டுப் பிறகு விலகினால் எடைக் குறைவை ஈடுகட்டும் அளவு புதியது போதும். இழுத்தவுடன் பொட்டென்று விட்டுப்போய்ப் பொடி உதிர்ந்தால் மொத்தத்தில் கால் பங்காவது புதியது வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவைப்பட்டால் புது மெத்தையே தைக்கச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஓட்டம் விட்டால் பஞ்சு இன்னும் பூவாகும் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு உப்பிக்கொண்டு நிற்கும், ஒரு மாதத்தில் தட்டையாகும், ஒவ்வொரு ஓட்டமும் இழையை உடைக்கிறது.

புதுப் பஞ்சு என்று மில் கழிவைத்தான் வாங்குவீர்கள், அதில் பெயர் பார்த்து வாங்குங்கள். கோம்பர் கழிவு குட்டை இழையானாலும் வெள்ளையாக, குப்பை இல்லாமல் இருக்கும். லிக்கரின் கழிவு விலை குறைவு, ஆனால் விதைத் தோலும் இலைத்தூளுமாக இருக்கும், பாதி தூசியாகவே போகும். நூல் கழிவு என்று விற்பதை வாங்கவே வேண்டாம். அது உங்கள் உருளையில் சுற்றுவதற்கென்றே வருவது.

தூசிக்கு வழி காற்றை இழுக்கும் ஃபேன்தான். மெஷின் வாய்க்கு எதிரே ஃபேன் வைத்து ஊதினால் அறை முழுக்கப் பரவும். தூசி விழும் பக்கத்தில், வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, அது கக்கும் இடத்தில் ஈரச் சாக்குத் திரை கட்டுங்கள். மோட்டாரின் மேல் படியும் தும்பைத் தினமும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறும். முகத்துக்குக் கைக்குட்டை போதாது, N95 மாஸ்க் தேவை. வேலை செய்பவருக்கு விடுமுறை கழிந்து வந்த முதல் நாள் மார்பு இறுகி, அடுத்தடுத்த நாளில் குறைகிறது என்றால் அது சளி அல்ல, பஞ்சுத் தூசி நுரையீரலைத் தொட்டிருக்கிறது. டாக்டரிடம் வேலையைச் சொல்லிக் காட்டுங்கள். தீக்கு மணல் வாளியும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உள்ளே பொறி பறந்ததைப் பார்த்தால், அப்போது வெளிவந்த பஞ்சை நல்ல பஞ்சோடு சேர்க்காமல் வெளியே பரப்பி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பஞ்சு மேலே தெரியாமல் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், பல மணி நேரம் கழித்துப் பிடிக்கும்.

இப்போது தையல். 54 அங்குல அகல மெத்தைத் துணி 4 மீட்டர் வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் 76 க்கு 40 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டினால், அகலத்தில் மிஞ்சும் 14 அங்குலத்தில் 5 அங்குலப் பட்டிகள் நான்கு கிடைக்கும். சுற்றுப் பட்டிக்கு அது போதும். 72 க்கு 36 மெத்தைக்கு ஏன் இவ்வளவு என்றால், நிரப்பிக் குத்து போடும்போது துணி நாலு பக்கமும் உள்ளே இழுபடும். அளவுக்குச் சரியாக வெட்டினால் கட்டிலில் ஓரம் தெரியும்.

ஒரு பக்கம் வாய் விட்டுத் தைத்து, அதன் வழியாகத் திணிப்பதுதான் வேறு எல்லாவற்றையும் கெடுக்கிறது. கீழ்த்துண்டையும் பட்டியையும் மெஷினில் தைத்துத் தட்டு போல விரியுங்கள். கார்டிங் மெஷினில் இருந்து வரும் பஞ்சைக் கொத்தாக்காமல் படலமாகவே எடுத்து, தலா 2.2 கிலோவாக ஐந்து அடுக்கு போடுங்கள். ஒரு அடுக்கு நீளவாட்டில் என்றால் அடுத்தது குறுக்கு. அடுக்குக்கு அடுக்கு எடை போட்டே போடுங்கள், கண்ணால் அளக்க வேண்டாம். மீதி 0.6 கிலோவை மூன்றாவது அடுக்குக்கு மேல், இடுப்பு வரும் நடு இரண்டரை அடியில் பரப்புங்கள். உடல் பாரம் அங்கேதான் இறங்குகிறது. மூலைகளைக் கையால் அழுத்தி நிரப்பி, மேல்துண்டைப் போட்டு, ஒருவர் அமுக்கிப் பிடிக்க மற்றவர் சுற்றிலும் கைத்தையல் போட வேண்டும். இந்த நிலையில் மெத்தை முக்கால் அடிக்கு உப்பி நிற்கும், பயப்பட வேண்டாம்.

குத்து 9 அங்குலத்துக்கு ஒன்று. அகலத்தில் மூன்று, நீளத்தில் ஏழு, மொத்தம் 21. சாக்பீஸால் இரு பக்கமும் குறித்துக்கொண்டு நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் பஞ்சு நடுவுக்குத் தள்ளப்பட்டு மேடு கட்டும். நீள ஊசி நேர்க்குத்தாக இறங்குகிறதா என்று பார்த்து, முறுக்கு நூலை இரட்டையாக விட்டு, இரண்டு பக்கமும் துணிப் பொத்தானோ பஞ்சுக் குஞ்சமோ வைத்துக் கட்டுங்கள்; வெறும் நூல் துணியை அறுக்கும். குத்து இடத்தில் சுமார் 3 அங்குலம், இடையில் 4 அங்குலத்துக்குச் சற்று மேல் நிற்கும்படி இழுக்க வேண்டும். எல்லாம் கட்டிய பிறகு முதலில் போட்ட நடுக்குத்துகள் தளர்ந்திருக்கும், அவற்றை மறுபடி இறுக்குங்கள். திரும்பி வரும் மெத்தைகளில் பெரும்பாலும் தளர்ந்து கிடப்பது இவைதான்.

தலையணைக்குப் பழைய மெத்தைப் பஞ்சைப் போடலாமா என்றால், இழுத்துப் பார்க்கும் சோதனையில் தேறியது, வாடை இல்லாதது என்றால் போடலாம். வாடை சோதிக்க ஒரு கைப்பிடியை மூடிய டப்பாவில் வெயிலில் வைத்துத் திறந்து முகருங்கள். 16 க்கு 24 அங்குலத் தலையணைக்கு 1.2 கிலோ பருத்தி சரியாக இருக்கும். ஒன்றரைக்கு மேல் போனால் கழுத்து வலிக்கிறது என்பார்கள். படலத்தை மூன்றாக மடித்து, மடிப்பு முன்னே போகும்படி முழுசாக உள்ளே செலுத்தி, பிறகு மூலைகளுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் வையுங்கள்.

ரஜாய்க்கு வேண்டாம். அதில் பஞ்சு அரை அங்குல அடுக்குதான், ஒரு சின்ன மணி இருந்தாலும் கைக்குத் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கல்யாணத்துக்கு ரஜாய் கேட்பவர்கள் தடவிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். 5 அடிக்கு ஏழரை அடி ரஜாய்க்குப் புது கோம்பர் பஞ்சு 1.5 கிலோ நம் ஊர்க் குளிருக்குத் தாராளம், ஏலகிரிக்குப் போகிறது என்றால் 2 கிலோ. உறையை உள்வெளியாகத் திருப்பித் தரையில் விரித்து, அதன் மேல் பஞ்சைச் சமமாகப் பரப்பி, ஓரங்களில் பெரிய தையலாகக் கோத்துக்கொள்ளுங்கள். மூடிய பக்கத்திலிருந்து வாய்ப் பக்கம் வரை துணியும் பஞ்சுமாக இறுகச் சுருட்டி, வாயை அந்தச் சுருளின் மேல் புரட்டிவிட்டு விரித்துக்கொண்டே போனால் பஞ்சு கலையாமல் உள்ளே வந்துவிடும். பிறகு 3 அல்லது 4 அங்குல இடைவெளியில் வரிசைத் தையல். இடைவெளி அதற்கு மேல் போனால் ஒரு குளிர்காலம் தாண்டாமல் பஞ்சு ஒரு பக்கம் இறங்கிவிடும். தண்ணீரில் துவைக்கக் கூடாது, வெயிலில் போட்டுத் தட்டினால் போதும் என்று சீட்டு வைத்துக் கொடுங்கள்.

கணக்கு வழக்கில் ஒன்று. மெத்தை வந்தவுடன் கொண்டுவந்தவர் முன்னாலேயே எடை போட்டு, உறை நீக்கிய எடை, சேர்க்கும் புதுப் பஞ்சு, கழிவு மூன்றையும் ரசீதில் எழுதுங்கள். அடிப்புக் கூலியை வந்த எடைக்கு வாங்குங்கள், முடிந்த எடைக்கு வாங்கினால் மோசமான பஞ்சில்தான் உங்களுக்கு நஷ்டம் அதிகமாகும். கழிந்த பஞ்சையும் தும்பையும் ஒரு பையில் கட்டி, மெத்தையை எடுக்க வரும்போது காட்டிவிட்டால் "ரெண்டு கிலோ எங்க போச்சு" என்ற பேச்சே வராது. அந்தக் கழிவை இன்னொருவர் மெத்தைக்குள் போடக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய மெத்தை வேலை எடுக்காதீர்கள், கெடு வைத்துக் கேட்டாலும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெயில் கிடைக்காமல் அடித்ததுதான் சுற்றவும் செய்யும், பூசணம் பிடித்துத் திரும்பியும் வரும். அந்த இரண்டு மாதத்துக்குக் கோம்பர் பஞ்சை முன்கூட்டியே வாங்கி உலர்ந்த இடத்தில் வைத்துக்கொண்டு ரஜாயும் தலையணையும் தையுங்கள். குளிருக்கு முன் அவைதான் போகும்.